பேர் போடாத வேலை

தோட்டத்தில் வேலைக்கு வராதவருக்கு அன்று பேர் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை நிற்கிறார், மலையில் கங்காணி நிற்கிறார், மேலே துரை இருக்கிறார். சம்பளம் என்ற ஒரு கயிற்றின் ஒரு முனை அவர்கள் கையில் இருப்பதால் மறுமுனையில் நாம் அசைகிறோம். நல்லதோ கெட்டதோ, வேலை வாங்குதல் என்றால் இதுதான் என்று நான்கு தலைமுறையாக நாம் பார்த்து வந்திருக்கிறோம்.

ஆனால் நமது தோட்டக் கமிட்டிக்கு அந்தக் கயிறு இல்லை. தோட்டத் தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் சம்பளம் கிடையாது. மரண சகாயச் சங்கத்தில் லயம் லயமாகச் சந்தா சேர்ப்பவருக்கும், கோயில் கமிட்டிப் பொருளாளருக்கும், பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தங்கச்சிக்கும் சம்பளம் கிடையாது. வராவிட்டால் பேர் வெட்ட முடியாது, வந்தால் பேர் போடவும் முடியாது. அப்படியானால் இந்த ஆட்களை வைத்து வேலையை எப்படி நடத்துவது? பல தோட்டங்களிலிருந்து நமக்கு வரும் முறைப்பாடுகளில் பாதி இதுதான்: “கூட்டத்தில் எல்லோரும் கை தூக்குகிறார்கள், மறுநாள் ஒருவரையும் காணோம்.”

இந்த முறைப்பாட்டுக்கு விடை தேட நாம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பக்கம் பார்க்கிறோம். அங்கே கிராமத்துக்குக் கிராமம் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஒரு சிறு கட்டடம், உள்ளே வாசிகசாலை, மேசையில் அன்றைய பத்திரிகைகள், பக்கத்தில் பாலர் பாடசாலை அல்லது விளையாட்டுத் திடல். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் தெரிவாகிறவர்கள் ஊதியம் இல்லாமல் அதை நடத்துகிறார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் பல நிலையங்களை மூட வைத்தன. திரும்பி வந்த சனம் பல இடங்களில் அவற்றை மறுபடியும் திறந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமது பிள்ளைகள் இந்த நிலையங்களை நேரில் பார்த்திருப்பார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நாம் சொல்ல வரவில்லை. எது நடக்கிறது, எது நின்று போகிறது என்பதற்கு அங்கே நீண்ட அனுபவம் இருக்கிறது. அதிலிருந்து நமது கமிட்டிகளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய சம்பவம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாம் எல்லோரும் அறிவோம். 1981 ஆம் ஆண்டு அது எரிக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. ஆனால் அது எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்ற புத்தகப் பிரியர் தனது வீட்டிலிருந்த நூல்களை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுத்து வந்தார். பின்னர் எல்லோருக்கும் பொதுவான ஒரு நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1934 இல் ஒரு கமிட்டி அமைந்தது. அவர் அதன் செயலாளரானார். அந்த ஆண்டிலேயே ஆஸ்பத்திரி வீதியில் ஒரே ஒரு அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று இருந்தவை 844 புத்தகங்களும் சுமார் 30 பத்திரிகை, சஞ்சிகைகளும்தான். அதற்குப் பிறகு அதை நடத்தும் பொறுப்பை நகரத்தின் உள்ளூராட்சி அமைப்பு ஏற்றுக்கொண்டது.

1950களில் பெரிய கட்டடம் கட்டும் காலம் வந்தபோது மறுபடியும் ஊர்ச் சனம் தொண்டில் இறங்கியது. மேயர் சாம் சபாபதி, சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றவர்கள் முன்னுக்கு நின்றார்கள். பணம் திரட்டுவதற்கென்று விழாக்கள் நடத்தப்பட்டன. 1959 இல் கட்டடம் திறக்கப்பட்டது. திறந்த பிறகு அதைத் தினமும் நடத்தியவர்கள் சம்பளம் பெறும் நூலக ஊழியர்கள்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தொண்டர்கள் செய்தது தொடங்கி முடிகிற வேலை. நூல் சேர்ப்பது, கூட்டம் கூட்டுவது, அறை பிடிப்பது, கட்டட நிதி திரட்டுவது எல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. முடிந்ததும் கண்ணால் பார்க்கலாம், “இதில் என் கையும் இருக்கிறது” என்று சொல்லலாம். கதவு திறப்பது, புத்தகம் அடுக்குவது, இரவல் எழுதுவது என்ற வேலை அப்படியல்ல. இன்று செய்தால் நாளையும் செய்ய வேண்டும், நாளை மறுநாளும் செய்ய வேண்டும். செய்தால் எவருக்கும் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். அந்த வேலை சம்பளக்காரர்களிடம் போனது.

நமது தோட்டங்களிலும் இதே இரண்டு வகைதான். பீலி உடைந்தால், லயத்துக்குப் போகும் பாதை மழையில் அறுந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்கு நூறு பேர் வருகிறார்கள். அதே நூறு பேரில் பத்துப் பேர்கூட மாதாமாதம் சந்தா சேர்க்க வருவதில்லை. இதைப் பார்த்துவிட்டு “சனத்துக்கு அக்கறை இல்லை” என்று தலைவர் முடிவு கட்டிவிடுகிறார். அக்கறை இருக்கிறது, வேலையின் வகைதான் வேறு. தொடங்கி முடிகிற வேலைக்கு அழைப்புப் போதும். தினமும் திரும்பி வருகிற வேலைக்கு அழைப்புப் போதாது, அதற்கு முறை வேண்டும்.

நூலகத்துக்குக் கிடைத்ததுபோல் ஓர் உள்ளூராட்சி அமைப்பு நமது சின்னச் சங்கத்தைப் பொறுப்பேற்கப் போவதில்லை. சனசமூக நிலையங்களுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். ஆகவே, சம்பளமில்லாமல் ஒரு வாசிகசாலைக் கதவைத் தினமும் எப்படித் திறப்பது என்று ஒரு கணக்காகவே பார்ப்போம்.

வாரத்தில் ஆறு நாள், பின்னேரம் நாலு மணி முதல் ஏழு மணி வரை திறப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம். பல இடங்களில் இது முழுவதும் செயலாளர் தலையில் விழுகிறது. திறப்பும் அவர் வீட்டில்தான் இருக்கும். முதல் மூன்று மாதம் அவர் உற்சாகமாகத் திறப்பார். பிறகு அவர் வீட்டில் ஒரு கலியாணம், ஒரு காய்ச்சல், தோட்டத்துக்கு இறைப்பு முறை. ஒரு நாள் பூட்டிக் கிடக்கும், பிறகு இரண்டு நாள். வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் பிறகு வருவதில்லை. “சனமே வருவதில்லை, நான் ஏன் திறக்க வேண்டும்?” என்று அவருக்கும் மனம் விட்டுப் போகும். யாரும் குற்றம் செய்யவில்லை, ஆனால் நிலையம் மூடிவிட்டது.

அதே பதினெட்டு மணித்தியாலத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் என்ன நடக்கும்? ஒரு நாளைக்கு இருவர். ஒருவர் பொறுப்பு, மற்றவர் துணை. ஒருவருக்கு வாரத்தில் ஒரே ஒரு பின்னேரம், மூன்று மணித்தியாலம். அந்த நாள் மாறாது. செவ்வாய் என்றால் எப்போதும் செவ்வாய். அவர் வீட்டாருக்கும் தெரியும், “செவ்வாய்க்கிழமை அவருக்கு வாசிகசாலை.” பொறுப்பானவருக்கு வர முடியாவிட்டால் துணைக்குச் சொல்லிவிட்டால் போதும். தலைவரிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியதில்லை. திறப்பு, நிலையத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கும் ஒரு வீட்டில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேர் கிடைக்கவில்லை, எட்டுப் பேர்தான் என்றால்? நாலு நாள் திறந்தால் போதும். இங்கேதான் பல கமிட்டிகள் சறுக்குகின்றன. ஆறு நாள் திறப்பதாக முதலில் பலகை எழுதி மாட்டிவிட்டு, பிறகு ஆளைத் தேடுகின்றன. முறை தலைகீழாக இருக்க வேண்டும். எத்தனை பேர் உறுதியாக வருவார்கள் என்று எண்ணி, அதற்குத் தக்கபடி நாளைக் குறிக்க வேண்டும். சொன்ன நாலு நாளும் தவறாமல் திறந்த கதவை ஊர் நம்பும். ஆறு நாள் என்று சொல்லி நாலு நாள் திறந்த கதவை நம்பாது, திறப்பு நாட்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும்.

இதோடு ஒரு கொப்பி வேண்டும். மேசையில் கட்டி வைத்த சாதாரண நாற்பது தாள் கொப்பி போதும். திகதி, திறந்த நேரம், திறந்தவர் கையெழுத்து, வந்தவர் தொகை, பூட்டிய நேரம். தலைவர் வாரத்தில் ஒருமுறை அதைப் பார்த்தால் நிலையத்தின் நாடி தெரியும். அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே கையெழுத்து இருந்தால், யாரோ ஒருவர் மற்றவர் வேலையையும் சுமக்கிறார் என்று பொருள். அவர் குறை சொல்ல மாட்டார், நல்லவர்கள் சொல்வதில்லை. ஒரு நாள் பேசாமல் விட்டுவிட்டுப் போய்விடுவார். தொண்டு நிறுவனங்களில் முதலில் போகிறவர் சோம்பேறி என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல, சோம்பேறி கடைசிவரை பட்டியலில் இருப்பார். முதலில் போகிறவர் அதிகம் சுமந்தவர்தான். ஆகவே கொப்பியில் வராதவரைத் தேடுவதற்கு முன் அளவுக்கு மீறி வந்தவரைத் தேட வேண்டும்.

சரி, வராதவரை என்ன செய்வது? இங்கே நமக்குள் பழகிப்போன ஒரு மருந்து இருக்கிறது: தண்டம். “சிரமதானத்துக்கு வராத வீட்டுக்கு ஐந்நூறு ரூபா” என்று தீர்மானம் போடுவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன செய்யும் என்பதை இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் நடந்த ஒரு சோதனை காட்டியது. அங்கே பிள்ளை பராமரிப்பு நிலையங்களில், பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போகப் பெற்றோர் பிந்தி வந்தார்கள். ஆய்வாளர் இருவர் சில நிலையங்களில் பிந்தி வருவோருக்குச் சிறிய தண்டம் விதிக்கச் செய்தார்கள். பிந்தி வருவோர் குறைவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது எதிர்மாறு. பிந்தி வருவோர் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பின்னர் தண்டத்தை நீக்கியும் பழைய நிலை திரும்பவில்லை. அந்த ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியானது.

காரணம் விளங்காதது அல்ல. தண்டம் வருவதற்கு முன், பிந்தி வந்தால் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தண்டம் வந்தபின் அது விலையாகிவிட்டது. காசைக் கட்டினால் கணக்குத் தீர்ந்தது. நமது தோட்டத்திலும் இதே கதைதான் நடக்கும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் காசு உள்ள வீடு ஐந்நூறு ரூபாவைக் கட்டிவிட்டு வீட்டில் படுத்திருக்கும். காசில்லாத வீடு வந்து மண் சுமக்கும். அடுத்த முறை மண் சுமந்தவர் கேட்பார், “நான் மட்டும் என்ன, அவர்களுக்குக் கூலியா?” அந்தக் கேள்வி வந்த நாளோடு சிரமதானம் முடிந்தது.

தண்டம் இல்லையென்றால் கண்டும் காணாமல் விடுவதா? அதுவும் இல்லை. பொது வளங்களைச் சனங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று உலகம் முழுவதும் ஆராய்ந்து, 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார் கண்ட ஒன்று இங்கே உதவும். நீண்டகாலம் நின்று பிடித்த அமைப்புகளில் மீறுகிறவருக்கு முதலிலேயே கடுமையான தண்டனை இருப்பதில்லை. மிகச் சிறிதாகத் தொடங்கி, மீண்டும் மீண்டும் மீறினால் மட்டும் படிப்படியாகக் கூடும். நமது வழக்கத்துக்கு ஏற்றபடி அதை நான்கு படியாக வைக்கலாம்.

முதல் தடவை வராவிட்டால், மறுநாளே துணையாளர் போய்க் கேட்க வேண்டும். “ஏன் வரவில்லை?” என்றல்ல, “என்ன அண்ணே, சுகமில்லையா?” என்று. மறுநாளே என்பது முக்கியம். ஒரு மாதம் பொறுத்துக் கூட்டத்தில் கேட்டால் அது விசாரணையாகிவிடும். இரண்டாவது தடவை தலைவரும் இன்னொருவரும் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேச வேண்டும். அங்கேதான் உண்மைக் காரணம் வரும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். நேரம் ஒத்துவரவில்லை, வேலை தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், அல்லது கமிட்டியில் யாரோ ஒருவரோடு மனக்கசப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது தடவை வேலையை மாற்ற வேண்டும். சந்தா கேட்டு வாசல் வாசலாக நிற்கக் கூச்சப்படுகிறவர் கொப்பி எழுதுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். நான்காவது படி, விடுவிப்பது. அடுத்த கூட்டத்தில், “இவர் இத்தனை மாதம் செய்தார், இப்போது வீட்டு நிலைமையால் முடியவில்லை, நன்றி சொல்லி இன்னாரிடம் ஒப்படைக்கிறோம்” என்று எழுத்தில் முடிக்க வேண்டும்.

விடுவிப்பதற்கு நமது தலைவர்கள் அஞ்சுகிறார்கள். “சும்மா செய்கிறவரை எப்படி நிறுத்துவது? கோபித்துக் கொள்வாரே.” ஆனால் வராத ஒருவரின் பெயர் பட்டியலில் இருக்கும் வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் வரமாட்டார். வேலை பாதியில் நிற்பதை விட அது பெரிய கெடுதி. மரியாதையோடு விடுவிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு திரும்பி வருவார். கூட்டத்தில் ஏச்சு வாங்கியவர் வரமாட்டார், மச்சானையும் வர விடமாட்டார். முதல் நாளே “இந்தப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு” என்று காலம் குறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முடிவு தெரியாத வேலைக்கு ஒப்புக்கொள்ளத்தான் சனம் பயப்படுகிறது.

இவ்வளவு பொறுமையும் வேலைக்கு மட்டும். காசுக்கு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டதால் உடைந்த சங்கங்கள் நமக்கு நிறையத் தெரியும். வேலையில் பிந்தினால் நாலு படி பொறுக்கலாம். கணக்கில் முதல் நாளிலிருந்தே ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே விதி.

மரண சகாயச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு லயம், லயத்துக்குப் பன்னிரண்டு குடும்பம், மொத்தம் 96 குடும்பம். மாதம் குடும்பத்துக்கு 200 ரூபா. ஒரு லயத்தில் 2,400 ரூபா, எட்டு லயத்திலும் 19,200 ரூபா. லயத்துக்கு ஒருவர் சேர்க்கிறார். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. காசு வாங்கியதும் குடும்பத்தின் அட்டையிலும் தனது பட்டியலிலும் ஒப்பமிடுகிறார். அன்று மத்தியானம் எட்டுப் பேரும் பிள்ளை மடுவத்தில் கூடுகிறார்கள். பொருளாளர் எல்லோர் முன்னிலையிலும் எண்ணுகிறார், செயலாளர் எழுதுகிறார், இன்னொருவர் ஒப்பமிடுகிறார். மறு வேலை நாளில் காசு வங்கிக்குப் போகிறது. அதே வாரத்தில் ஒரே தாளில் லயம் லயமாகத் தொகையை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இதில் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது: வாங்குகிறவர், எழுதுகிறவர், வைத்திருக்கிறவர் மூவரும் மூன்று பேராக இருக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கும் இரண்டு கையொப்பம் வேண்டும். இதை ஒருவர் மேல் சந்தேகம் வந்தபின் கொண்டுவந்தால் அது குற்றச்சாட்டாகிவிடும். சந்தேகம் வருவதற்கு முன்பே வைத்தால் அது பொருளாளருக்குப் பாதுகாப்பு. நாளை யாராவது “காசு எங்கே?” என்று கேட்டால், அவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, சுவரைக் காட்டினால் போதும்.

எங்கே பிசகுகிறது என்பதற்கும் அடையாளம் உண்டு. சுவரில் ஒட்டும் தாள் ஒரு மாதம் பிந்தினால் கேட்க வேண்டும். ஒரு லயத்தின் தொகை திடீரென்று குறைந்தால், அந்த லயத்துச் சனம் கட்டவில்லையா, கட்டியது வரவில்லையா என்று அட்டைகளைப் பார்க்க வேண்டும். தொண்டர் தனது கைக்காசைச் செலவழிப்பதும் ஓர் அபாய அடையாளம்தான். வங்கிக்குப் போகும் பஸ் காசு, கொப்பி, தொலைபேசிச் செலவு எல்லாம் சங்கம் கொடுக்க வேண்டும், சிட்டையோடு. அது சம்பளமல்ல. அதைக் கொடுக்காவிட்டால், கொஞ்சம் வசதி உள்ளவர் மட்டுமே தொண்டு செய்ய முடியும், அல்லது சங்கக் காசிலிருந்து “பிறகு கழித்துக்கொள்ளலாம்” என்று எடுக்கும் பழக்கம் தொடங்கும்.

இனி, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விடயம். பொதுக்கூட்டத்தில் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவரைத் தலைவராக்குகிறோம். 1980களின் தொடக்கத்தில் கிழக்கே கல்லோயா இடதுகரைக் கால்வாயில் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு விவசாயிகளை அமைப்பாக்க முயன்றவர்கள் வேறு வழி பிடித்தார்கள். முதலில் சங்கம் அமைக்கவில்லை. வயற்கால்வாயைத் துப்புரவாக்குவது, தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போன்ற வேலைகளைக் கூட்டாகச் செய்யவிட்டார்கள். யார் உண்மையில் வேலை செய்கிறார், யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது அப்போது தானாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் வாக்கெடுப்பாக அல்லாமல் எல்லோரும் ஒப்பும் ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. வேலை முந்தியது, பதவி பிந்தியது. நமது கமிட்டிகள் பெரும்பாலும் எதிர்த் திசையில் போகின்றன. முதலில் பதினோரு பதவி, பிறகு என்ன வேலை என்று யோசனை.

குடாநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சம்பளமில்லாத வேலை பெரும்பாலும் உறவின் மேல் நடக்கிறது. மாமன் கேட்டார், மச்சான் கேட்டான் என்று வருகிறோம். அது பலம்தான். ஆனால் அதே உறவு வேலியாகவும் ஆகிறது. சாதிப் பிரிவு ஆழமாக இருந்த யாழ்ப்பாணத்தில் குறிச்சிக்கு ஒரு நிலையம், அதற்குள் அந்தக் குறிச்சியாருக்கு மட்டும் இடம் என்ற நிலை இருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அந்தச் சமூகத்தின் உள்வேலிகளை உலகத்துக்குக் காட்டியது. நமது லயங்களிலும் வேலி இல்லையா? மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்கிறோம். இந்தச் சங்கத்தார், அந்தச் சங்கத்தார் என்கிறோம். மரண வீட்டுக்குக்கூட ஆள் பார்த்துப் போகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆகவே முறைப் பட்டியல் போடும்போது ஒரு நாளுக்குரிய இருவரும் ஒரே வீட்டாராக, ஒரே லயத்தாராக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து ஆறு மாதம் ஒரு வேலையைச் செய்த இருவருக்கிடையில் வேலி தானாகத் தாழும். கூட்டத்தில் ஒற்றுமை பற்றிப் பேசி அதைத் தாழ்த்த முடியாது.

பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஒரு தாய்க்கு அதற்குப் பிறகுதான் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளையின் பாடம். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு “பெண்கள் வருவதில்லை” என்று எழுதுவது நியாயமல்ல. கூட்டத்துக்குப் போகும் ஆணின் தொண்டுக்கும் பின்னால் அடுப்படியில் ஒருத்தி அந்த நேரத்துக்கு விலை கொடுக்கிறாள். பேர் போடாத வேலை என்றால் அதுவும்தான். கூட்டத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், ஞாயிறு காலையில் வையுங்கள், கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை முறை வையுங்கள். நமது சங்கத்தில் உறுப்பினர் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் தோட்டங்களில், முறைப் பட்டியலிலும் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். பொருளாளர், செயலாளர் பதவிகளும் அவர்களுக்குரியவைதான்.

சம்பளப் பேச்சு வரும்போது கம்பனிகளுக்கு முன்னால் நமது பலம் தோட்டத்துக் கமிட்டிகள்தான். சந்தா சேராத, கொப்பி எழுதாத, கூட்டம் கூடாத கமிட்டி வேலைநிறுத்தம் வந்தால் மூன்றாம் நாள் அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் நிற்கும். சாதாரண மாதங்களில் 2,400 ரூபாவை ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்த லயம்தான் நெருக்கடியில் பட்டினி நிதியையும் ஒழுங்காகப் பங்கிடும். அதை அந்த வாரத்தில் உட்கார்ந்து பழக முடியாது.

அதனால் இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று காரியத்தை மட்டும் செய்யும்படி கேட்கிறோம். தினமும் அல்லது மாதாமாதம் திரும்பி வருகிற வேலைகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எதையெல்லாம் இன்று ஒரே ஆள் செய்கிறார் என்று வட்டமிடுங்கள். அந்த ஒரே ஆளை முன்னுக்கு அழைத்து, அவர் சுமையில் பாதியை யார் எந்த நாளில் எத்தனை மாதத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பெயரோடு எழுதி, அவர் முன்னிலையிலேயே ஒப்பமிடுங்கள். அந்தத் தாளின் பிரதியை நமக்கு அனுப்பி வையுங்கள். ஆறு மாதத்தின் பின் எந்தத் தோட்டத்தில் எது நின்று பிடித்தது, எது நிற்கவில்லை என்பதை, தோட்டத்தின் பெயரைக் குறிப்பிடாமல், இதே பக்கத்தில் எழுதுவோம்.